கவிழ்த்த கல்லா, ஓவனா? வீட்டில் நான் சுட எது தோது

முதலில் ஓர் ஏற்பாடு. இந்தக் கட்டுரையில் 'நான்' என்று எங்கு வந்தாலும் அது ரொட்டியைத்தான் குறிக்கும். என்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் வினைமுற்றே போதும். தமிழில் அந்த வசதி இருக்கிறது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நல்ல நான் கிடைக்காமல் இல்லை. மாமாக் கடையின் தந்தூர் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து தின்றால் அமிர்தம். அதையே கட்டி வாங்கி, பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு, செம்பனைத் தோட்டத்தைத் தாண்டி எங்கள் தாமானுக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தால் செருப்புத் தோல். பையில் அடைபட்ட ஆவி மேல்பக்கத்தை நனைத்துவிடுகிறது. ஆற ஆற உள்பக்கம் விறைக்கிறது. இதில் கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் அடுப்படியிலேயே தின்ன வேண்டிய பண்டம், அவ்வளவுதான்.

அதனால்தான் அண்ணிக்கு வீட்டிலேயே சுடும் எண்ணம் வந்தது. அவரிடம் இருப்பது தீபாவளிப் பலகாரத்துக்கென வாங்கிய சிறிய மேசை ஓவன். 35 லிட்டர், 1600 வாட், முள் 250 வரை போகும். "தம்பி, சுவரில் பதிக்கும் பெரிய ஓவன் ஒன்று வாங்கிவிடலாமா? இல்லை, நானைக் கல்லில் ஒட்டி, அந்தக் கல்லைக் கவிழ்த்து நெருப்பில் காட்டுகிறார்களே, அதைப் பழகிக்கொள்ளலாமா?" என்று கேட்டார். பெரிய ஓவன் என்றால் ஆயிரக்கணக்கான ரிங்கிட். கல்லைக் கவிழ்ப்பதற்குச் செலவில்லை, ஆனால் கை சுடும். வாயால் பதில் சொல்வதைவிடச் சுட்டே பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை மாலை ஒரே மாவைப் பிசைந்து, பத்து உருண்டை பிடித்து, பாதியைக் கல்லிலும் பாதியை ஓவனிலும் சுட்டோம். அடுத்த வாரம் கிழங்கு அடைத்த குல்ச்சா ரொட்டிக்கும் அதே சோதனை.

தந்தூர் அடுப்பு என்ன செய்கிறது என்பது தெரிந்தால்தான் வீட்டில் எதை ஈடுகட்டுகிறோம் என்பது புரியும். அந்த மண் சுவரின் சூடு 400 பாகை செல்சியசையும் தாண்டும். ஈரமான பக்கம் சுவரில் ஒட்டிக்கொள்ள, அடிப்பக்கம் மண்ணிலிருந்து நேரடியாகச் சூடு வாங்குகிறது. வெளியே தெரியும் பக்கத்தை அடியிலுள்ள கரியின் அனல் தாக்குகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் பொங்க நேரம் கிடைக்கிறது. உலர்ந்துபோக நேரம் கிடைப்பதில்லை. நானின் மென்மைக்குக் காரணம் இந்த அவசரம்தான். வீட்டில் சுடும்போது நேரம் நீள நீள மென்மை போய்க்கொண்டே இருக்கும். கல்லா ஓவனா என்ற கேள்வி கடைசியில் எது சீக்கிரம் சுடுகிறது என்பதில்தான் வந்து நிற்கிறது.

மாவின் அளவு இது. கோதுமை மாவு 500 கிராம், கெட்டித் தயிர் 100 கிராம், தண்ணீர் 220 மில்லி, எண்ணெய் 20 கிராம், சர்க்கரை 10 கிராம், உப்பு 9 கிராம், உடனடி ஈஸ்ட் 3 கிராம். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல்: இங்கே கோதுமை மாவு என்றால் உங்கள் மைதா, உங்கள் கோதுமை மாவு எங்களுக்கு ஆட்டா. குளிர் நாட்டுக் குறிப்புகளில் ஈஸ்ட் 5, 7 கிராம் என்று இருக்கும். நம் அடுப்படியில் மாலை நான்கு மணிக்கு 31 பாகை இருக்கும்போது 3 கிராமுக்கே ஒரு மணி நேரத்தில் மாவு இரட்டிப்பாகிவிடும். அதற்கு மேல் விட்டால் புளித்து, தட்டும்போது வலை வலையாகக் கிழியும். கிழிந்த நானில் ஆவி நிற்காது, ஆவி நிற்காவிட்டால் அது பொங்காது. உருண்டை ஒவ்வொன்றும் 85 கிராம். பிடித்து ஈரத்துணி மூடிப் பதினைந்து நிமிடம் வைத்தால் தட்டும்போது சுருங்கி வராமல் பணியும்.

கல்லிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் சொல்ல நிறைய இருக்கிறது.

கவிழ்க்கும் கல் இரும்பாக இருக்க வேண்டும், நீளமான கைப்பிடி உறுதியாக இருக்க வேண்டும். ஒட்டாத பூச்சுப் போட்ட கல் இந்த வேலைக்கு இரண்டு வகையில் ஆகாது. நான் அதில் ஒட்டவே ஒட்டாது, கவிழ்த்த மறுகணம் பர்னரில் விழும். பூச்சும் இந்தச் சூட்டைத் தாங்காமல் கெட்டுப் புகைவிடும். வளையக் காது வைத்த பழைய தோசைக்கல்லும் வேண்டாம். இடுக்கியால் பிடித்துக் கவிழ்க்க முயன்று மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டவர்களில் இதை எழுதுபவனும் ஒருவன்.

கல்லை நடுத்தரத்துக்குச் சற்றுக் கூடுதலான நெருப்பில் ஏழு நிமிடம் காயவிட்டோம். என்னிடம் தொடாமல் சூட்டை அளக்கும் துப்பாக்கி போன்ற கருவி இருக்கிறது. தொற்றுக் காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிய கருவி வேறு. அது காய்ச்சலைத் தாண்டி எதையும் காட்டாது. இந்த வேலைக்குப் பட்டறையில் பயன்படுத்தும் வகை வேண்டும். கறுத்த இரும்பில் அது நம்பும்படி காட்டும், பளபளக்கும் எவர்சில்வரில் தவறாகக் காட்டும். எங்கள் கல் 240 காட்டியபோது முதல் நானைப் போட்டோம். கருவி இல்லாதவர்கள் நான்கு துளி தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். துளி அங்கேயே பரவிச் சுருக்கென்று வற்றினால் இன்னும் சூடு போதாது. முத்தாகத் திரண்டு ஓடி, ஒன்றிரண்டு நொடியில் மறைந்தால் சரி. முத்துகள் வற்றாமல் நெடுநேரம் உருண்டுகொண்டே இருந்தால் கல் மிஞ்சிக் காய்ந்துவிட்டது.

மிஞ்சிக் காய்ந்தால் என்ன கெடுதல் என்று அண்ணி கேட்டார். நானைக் கல்லில் பிடித்து வைப்பது பசை. ஈரம் பட்ட மாவு கல்லைத் தொட்டதும் இளகிப் பசையாகி, உடனே வெந்து இறுகுகிறது. அந்தப் பிடிதான் கவிழ்க்கும்போது தாங்குகிறது. கல் 300 பாகைக்குப் போய்விட்டால் தண்ணீர் மாவோடு சேருமுன்பே ஆவியாகி, நானுக்கும் கல்லுக்கும் நடுவே மெத்தைபோல் நின்றுவிடும். பிடி விழாது. சூடு போதாவிட்டால் இதற்கு நேர்மாறு: பசை ஊறி ஊறி ஒட்டிக்கொள்ளும், சுட்ட பிறகு சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். இரண்டு தவறையும் ஒரே மாலையில் செய்து பார்த்தாயிற்று.

தட்டிய நான் வட்டமாக, 18 சென்டிமீட்டர் அகலமாக, மூன்று நான்கு மில்லிமீட்டர் கனமாக இருக்கட்டும். கடையில் கிடைக்கும் இலை வடிவத்துக்கு வீட்டில் ஆசைப்பட வேண்டாம். அதன் நுனிகள் பர்னரின் நெருப்புக்கு எட்டாமல் வெளுத்தே கிடக்கும். மேல்பக்கம் ஒட்டியிருக்கும் வறட்டு மாவைத் தட்டிவிட்டு, உள்ளங்கையில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் எடுத்து ஒரு பக்கம் முழுவதும் தடவி, அந்த ஈரப் பக்கம் கல்லில் படும்படி போட வேண்டும். ஓரத்தை விரல் நுனியால் ஒரு சுற்று அழுத்திவிடுங்கள். கவிழ்க்கும்போது முதலில் கழன்று வருவது ஓரம்தான்.

இருபது முப்பது நொடியில் மேலே கொப்புளம் கிளம்பும். உடனே கவிழ்க்கக் கை துடிக்கும், கவிழ்த்தால் விழும். ஐம்பது நொடி வாக்கில் மேல்பரப்பின் ஈர மினுமினுப்பு போய் மங்கலாகும், கொப்புளங்கள் தொட்டால் அமுங்காமல் நிற்கும். அதுதான் நேரம். ஒன்றரை நிமிடம் விட்டுவிட்டால் அடிப்பக்கம் காய்ந்து சுருங்கி ஓரம் தானாகவே தூக்கிக்கொள்ளும், அப்போதும் விழும். ஆக, கையில் இருப்பது ஐம்பதிலிருந்து எண்பது நொடி வரையிலான ஒரு சிறு இடைவெளி. முதல் நானில் அது பிடிபடாது, மூன்றாவதில் பிடிபடும்.

கவிழ்த்துப் பிடிக்கும்போது கல் பர்னரைத் தொடக்கூடாது. நான்கு விரல் உயரம் இருக்கட்டும். கண்ணாடித் தட்டு வைத்த அடுப்பானால் இன்னும் கவனம்: கவிழ்ந்த கல்லுக்கு அடியில் அனல் அடைபட்டுக் கண்ணாடியையும் பிளாஸ்டிக் திருகையும் தாக்கும். கல்லை ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டமாக அசைத்துக்கொண்டே இருந்தால் முப்பது நாற்பது நொடியில் கொப்புளங்களின் தலை கறுக்கும், இடையிலுள்ள வெள்ளை பழுப்பாகும். நெய்யோ வெண்ணெயோ நிமிர்த்தி எடுத்த பிறகுதான். முன்கூட்டியே தடவிக் கவிழ்த்தால் சொட்டுகிற நெய் தீப்பற்றும். மின்விசிறியை நிறுத்திவிடுவதும் அவசியம். எங்கள் வீட்டில் அடுப்படி விசிறி சுழன்றுகொண்டிருந்ததால் இரண்டாவது நான் ஒரு பக்கம் கரியாகவும் மறுபக்கம் பச்சையாகவும் வந்தது. அதற்குள் குற்றம் மாவின் மேல் போய்விட்டது, விசிறியை யாரும் சந்தேகிக்கவில்லை.

இப்படி ஒரு நானுக்கு ஒன்றரை நிமிடம். கல்லை வறட்டுத் துணியால் துடைத்து, அடுத்ததைத் தட்டிப் போடுவதையும் சேர்த்தால் இரண்டரை நிமிடம். நாலைந்து நானுக்குப் பிறகு கல் மெல்ல மெல்ல மிஞ்சிக் காய்கிறது. கொப்புளம் வருமுன்பே அடியில் கருகல் வாடை வந்தால் நெருப்பைக் குறைத்து ஒரு நிமிடம் ஆறவிட வேண்டும்.

வாணலியைக் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகில் சுடுவதையும் சிலர் இதே பெயரில் சொல்கிறார்கள். அது ருமாலி ரொட்டிக்கான வழி. மெல்லிய ரொட்டிக்குச் சூடு ஒரு பக்கம் கிடைத்தாலே போதும், நானுக்குப் போதாது. ஒரு முறை செய்து பார்த்தோம், தடித்த சப்பாத்தி கிடைத்தது.

இனி ஓவன். அண்ணியின் ஓவனில் முள்ளை 250-இல் வைத்து, உள்ளே ஒரு சிறு வெப்பமானியை நிறுத்தினோம். விளக்கு அணைந்து 'தயார்' என்று சொன்னபோது வெப்பமானி 215 காட்டியது. சின்ன ஓவன்களில் இது ஒன்றும் அதிசயமில்லை. அதைவிடப் பெரிய ஏமாற்று அந்த விளக்கில்தான் இருக்கிறது. விளக்கு சொல்வது உள்ளேயிருக்கும் காற்றின் சூட்டை. நானை வேகவைப்பது காற்று அல்ல, அதற்கு அடியிலுள்ள இரும்பு. காற்று பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். இரும்புக்கு அரை மணிக்கு மேல் ஆகும். கனத்த பீட்சா கல் வைத்திருந்தால் முக்கால் மணி.

முதல் நானை ஓவனோடு வந்த தகரத் தட்டில் வைத்துச் சுட்டோம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதால். மேலே நிறம் வர எட்டு நிமிடம் ஆனது. அதற்குள் ஓரமெல்லாம் பிஸ்கட். 85 கிராம் உருண்டை சுட்ட பின் 69 கிராம் இருந்தது. கல்லில் கவிழ்த்துச் சுட்டது 76 கிராம். அந்த ஏழு கிராமும் தண்ணீர். கையில் பிய்க்கும்போதே வித்தியாசம் தெரிந்தது: ஒன்று நீண்டு கிழிந்தது, மற்றது முறிந்தது.

அடுத்ததற்கு அண்ணி கைப்பிடியில்லாத இரும்புக் கல் ஒன்றைத் தேடி எடுத்து, ஓவனின் மேல் தட்டில் கவிழ்த்து வைத்தார். கவிழ்ப்பது இங்கே வேறு காரணத்துக்காக. கல்லின் விளிம்பு கீழே போய்விடுவதால் நானைப் பலகையிலிருந்து நேராகச் சறுக்கித் தள்ளலாம், கை உள்ளே போக வேண்டியதில்லை. மரமோ பிளாஸ்டிக்கோ கைப்பிடியிலிருந்தால் ஓவனுக்குள் வைக்கவே கூடாது. நாற்பது நிமிடம் காய்ந்த இரும்பில் போட்ட நான் ஒன்றரை நிமிடத்தில் பந்தாக எழும்பியது. மூன்று நிமிடம் ஆனதும் மேல் கம்பியை மட்டும் எரியவிட்டு இன்னொரு நிமிடம். மொத்தம் நான்கு நிமிடம், எடை 74 கிராம். தகரத் தட்டில் வந்ததைவிட எவ்வளவோ மேல். நிறம் மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது, கறுத்த புள்ளிகள் இல்லை. நெருப்பு தொட்ட அந்த வாசனையும் இல்லை.

ஓவனில் போட்ட நான் இரண்டு நிமிடமாகியும் எழும்பாவிட்டால் அடியிலுள்ள இரும்பு காயவில்லை என்று அர்த்தம். நிறம் வரட்டும் என்று காத்திருப்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை. காத்திருந்தால் நிறத்தோடு ரஸ்க்கும் வரும். வெளிறியிருந்தாலும் நான்கு நிமிடத்தில் எடுத்து, வெண்ணெய் தடவித் துணியில் மூடி வையுங்கள். ஓவனுக்கென்றே பிசைவதானால் 500 கிராம் மாவுக்குத் தண்ணீரை 25 மில்லி கூட்டலாம், இழக்கப் போகிற ஈரத்துக்கு முன்பணமாக. அந்த இளகிய மாவு கவிழ்க்கும் கல்லுக்கு ஆகாது, தொங்கும். கால் தேக்கரண்டி ஆப்பச் சோடா சேர்த்தால் நிறம் சீக்கிரம் ஏறும். கூடினால் சோப்பு வாடை.

எண்ணிக்கை விஷயத்தில் பலர் நினைப்பதற்கு நேர்மாறாகத்தான் இருக்கிறது. ஓவனில் ஒரே நேரத்தில் நிறைய சுடலாம் என்பார்கள். 35 லிட்டர் ஓவனில் ஒரு கல், அதில் ஒரு நான், நெருக்கிச் சிறிதாகத் தட்டினால் இரண்டு. கதவைத் திறந்து மூடினால் சூடு சரிந்து, மறுபடி ஏற மூன்று நிமிடம். ஆக ஏழு நிமிடத்துக்கு இரண்டு நான். பத்து நானுக்கு முப்பத்தைந்து நிமிடம், காய வைத்த நாற்பதையும் சேர்த்தால் எழுபத்தைந்து. கல்லில் ஏழும் இருபத்தைந்தும் முப்பத்திரண்டு நிமிடம். ஆனால் அந்த முப்பத்திரண்டு நிமிடமும் நெருப்பின் முன்னால் கல்லைத் தூக்கியபடி நிற்க வேண்டும். ஓவனில் இடையிடையே கறியைக் கிளறலாம், விருந்தாளியோடு பேசலாம். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்; ஒன்றரைக் கிலோ இரும்பைப் பத்து முறை கவிழ்ப்பது விளையாட்டல்ல. செலவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. காஸ் நூறு, நூற்றைம்பது கிராம், மின்சாரம் ஒன்றரை யூனிட் சுற்றி. இதை வைத்து யாரும் முடிவு செய்யப் போவதில்லை.

இதுவரை கல் முந்திக்கொண்டு வந்தது. குல்ச்சா வந்ததும் கதை மாறியது.

நாங்கள் எடுத்தது அமிர்தசரஸ் பாணியில் உருளைக்கிழங்கு அடைத்த குல்ச்சா. இதற்கு ஈஸ்ட் போடவில்லை. 500 கிராம் மாவு, தயிர், தண்ணீர், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி ஆப்பச் சோடா, நெய். பிசைந்து ஒன்றரை மணி நேரம் மூடி வைத்தது. அடைப்பதற்கு வேகவைத்து நன்றாக ஆவி போக ஆறவிட்ட கிழங்கு, பிழிந்த வெங்காயம், பச்சை மிளகாய், ஒன்றிரண்டாக இடித்த கொத்தமல்லி விதை, ஓமம். புளிப்புக்கு அங்கே உலர்ந்த மாதுளை விதை போடுவார்கள். பட்டணத்து மளிகைக் கடையில் அது இல்லை, மாங்காய்ப் பொடி இருந்தது. எலுமிச்சை பிழியலாமே என்றார் அண்ணன். பிழிந்தால் ஈரம் கசிந்து மாவைக் கிழிக்கும் என்று தடுக்க வேண்டியதாயிற்று. மாவு 70 கிராம், அடைப்பு 50 கிராம், தட்டிய பின் கனம் எட்டு மில்லிமீட்டர்.

கல்லில் போட்டோம். ஐம்பது நொடி, கொப்புளம் ஒன்றுமில்லை, கனத்த மாவு என்பதால் எழும்பவில்லை. எழுபது நொடியில் கவிழ்த்தேன். நூற்றிருபது கிராம் எடையை அந்தப் பசை தாங்கவில்லை. முதல் குல்ச்சா முழுதாக பர்னரின் மேல் உட்கார்ந்தது. நெருப்பு அணைந்து காஸ் மட்டும் வந்துகொண்டிருந்ததை அண்ணி கவனித்துத் திருகை மூடினார். இப்படி விழுந்தால் முதல் வேலை அதுதான், குல்ச்சாவைக் காப்பாற்றுவதல்ல. இரண்டாவது விழவில்லை. மேலே அழகாகக் கறுத்தது. பிய்த்துப் பார்த்தால் கிழங்கு வெதுவெதுப்பாக இருந்தது, கிழங்குக்கும் மாவுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஈரக்கோடு ஒன்று ஓடியது. அந்தக் கோடு பச்சை மாவு. கிழங்கு ஏற்கெனவே வெந்தது என்பதால் உள்ளே வேக வேண்டியது அந்த ஒரு படலம் மட்டும்தான், அதுவரை சூடு போய்ச் சேர நேரம் வேண்டும். நெருப்பு வெளித்தோலைக் கருக்குகிற வேகத்துக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. நெருப்பைத் தணித்து, மூடி போட்டு, இரு பக்கமும் மும்மூன்று நிமிடம் சுட்டால் வேகும். நன்றாகவே இருக்கும், ஆனால் அது ஆலு பரோட்டா.

ஓவனில், அதே கவிழ்த்த இரும்பின் மேல், மேலே லேசாக நெய் தடவி ஏழு நிமிடம், பிறகு மேல் கம்பியில் ஒரு நிமிடம். பிய்த்தபோது சாம்பல் கோடு இல்லை. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே ஆவி பறந்தது. வெறும் நானில் குறையாகப் பட்ட அந்த நிதானமான சூடு குல்ச்சாவுக்குப் பலமாகிவிட்டது. உள்ளே ஈரமான கிழங்கு இருப்பதால் எட்டு நிமிடம் சுட்டும் அது வறண்டுபோகவில்லை. ஓரம் மட்டும், கிழங்கு எட்டாத ஒரு விரல் அகலம், கடக்கென்றது. ஓரம் வரை அடைப்பைப் பரப்பி உருட்டினால் அதுவும் சரியாகும் என்று அடுத்த முறை தெரிந்தது.

ஆகவே அண்ணிக்குச் சொன்ன பதில்: வெறும் நானுக்குக் காஸ் அடுப்பும் கவிழ்த்த கல்லும், அடைத்த குல்ச்சாவுக்கு இருக்கிற ஓவனும் அதற்குள் ஓர் இரும்பும். பெரிய ஓவன் வேண்டாம். அதிலும் முள் பெரும்பாலும் 250-ஐத் தாண்டாது, நானுக்கு அது கூடுதலாகத் தரப்போவது இடம் மட்டும்தான். இந்தப் பதில் மாறும் வீடுகள் உண்டு. இண்டக்ஷன் அடுப்பு மட்டும் இருக்கிற அடுக்குமாடி வீட்டில் கல்லைக் கவிழ்த்துக் காட்ட நெருப்பே இல்லை, அங்கே ஓவன்தான். சிறு பிள்ளைகள் காலைச் சுற்றி ஓடும் அடுப்படியிலும் ஓவனே மேல். இருபது பேருக்கு விருந்து என்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டலாம், அல்லது மாமாக் கடையில் சொல்லிவிட்டு அங்கேயே எல்லாரும் போய் உட்காரலாம். பின்னதுதான் புத்திசாலித்தனம் என்பது அண்ணனின் கட்சி.

ஒன்றை மட்டும் அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். நாங்கள் நான் சுட்டது அண்ணி தினமும் தோசை ஊற்றும் கல்லில். எண்ணெய் ஏறிப் பழகிய கல் என்பதால் முதல் இரண்டு நானுக்குப் பிடியும் சரியாக விழவில்லை. வறட்டுச் சூட்டில் அந்த எண்ணெய்ப் பதம் எரிந்து, மாவுப் பசை கரியாகப் படிந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் தோசை பிய்ந்தது, இரண்டாவதும் பிய்ந்தது. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதைச் சுரண்டித் தட்டில் போட்டு என் முன்னால் வைத்தார். வெங்காயம் தேய்த்து, நல்லெண்ணெய் தடவி, காயவைத்து, மறுபடி தடவி அந்தக் கல் பழைய நிலைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. இப்போது நானுக்கென்று தனியாக ஒரு நீளப்பிடிச் சப்பாத்திக் கல், இரவுச் சந்தைக்குப் பக்கத்துப் பாத்திரக் கடையில் வாங்கியது, சுவரில் ஆணியில் தொங்குகிறது. அதில் எண்ணெய் படக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.